எக்ஸ் தேதிக்கு முதல் நாள்: ஈவுத்தொகை வேட்டையின் கணக்கு

ஜூன் பிறந்துவிட்டால் வணிகப் பக்கங்களில் ஒரு பட்டியல் தவறாமல் வரும். இந்த வாரம் எந்தெந்தப் பங்குகள் எக்ஸ்-டிவிடெண்ட் ஆகின்றன, பங்குக்கு எவ்வளவு ஈவுத்தொகை, வாங்கக் கடைசி நாள் எது என்று அதில் இருக்கும். மார்ச்சில் கணக்கை முடித்த நிறுவனங்கள் இறுதி ஈவுத்தொகைக்குப் பொதுக்குழுவில் ஒப்புதல் கேட்கும் பருவம் அது. பட்டியலைப் பார்ப்பவருக்கு ஒரு யோசனை இயல்பாகவே தோன்றும். பன்னிரண்டு மாதம் பங்கை வைத்திருந்தவருக்கும் ஒரே ஒரு இரவு வைத்திருந்தவருக்கும் நிறுவனம் தரப்போவது ஒரே தொகைதான். அப்படியானால் முதல் நாள் மாலை வாங்கி, மறுநாள் காலை விற்றுவிட்டு, அடுத்த நிறுவனத்துக்குப் போனால் என்ன? ஆண்டு முழுவதும் இப்படித் தாவிக்கொண்டே இருந்தால் ஒரே பணத்தில் ஐம்பது நிறுவனங்களின் ஈவுத்தொகையை வாங்கிவிடலாமே?

சந்தைக்காரர்கள் இதை டிவிடெண்ட் கேப்சர் என்பார்கள். யோசனை பழையது. எக்ஸ் தேதியில் விலை எப்படி நகர்கிறது என்று கேம்ப்பெல், பெரானெக் என்ற இருவர் அமெரிக்காவில் ஆய்வுக் கட்டுரை எழுதியது 1955இல். அதன்பின் இந்த ஒரு நாளைப் பற்றி மட்டும் நிதியியல் பேராசிரியர்கள் எழுதிக் குவித்திருக்கிறார்கள். அவ்வளவையும் தள்ளி நின்று பார்த்தால் மிஞ்சும் கேள்வி சின்னது. இந்த ஆட்டத்தில் ஒருவர் ஆதாயம் பார்த்தால், அந்தப் பணம் யார் பையிலிருந்து வருகிறது?

உரிமை கைமாறும் நாள்

முதலில் தேதிகள். நிறுவனம் ஒரு ரெக்கார்டு தேதியை அறிவிக்கிறது. அன்றைய தினம் யார் டீமேட் கணக்கில் பங்கு இருக்கிறதோ அவருக்குத்தான் ஈவுத்தொகை. வாங்கிய பங்கு கணக்குக்கு வந்து சேர எத்தனை நாளாகும் என்பதைப் பொறுத்து எக்ஸ் தேதி அமையும். இந்தியாவில் 2023 ஜனவரி 27 முதல் எல்லாப் பங்குகளும் டி பிளஸ் ஒன் முறைக்கு வந்துவிட்டன. திங்களன்று வாங்கினால் செவ்வாயன்று கணக்கில் இருக்கும். ஆகவே இப்போது பெரும்பாலும் எக்ஸ் தேதியும் ரெக்கார்டு தேதியும் ஒரே நாள்தான். செவ்வாய் எக்ஸ் தேதி என்றால், திங்கள் சந்தை மூடுவதற்குள் வாங்கியவருக்கு ஈவுத்தொகை உண்டு. செவ்வாய் காலை 9:15க்கு வாங்கியவருக்கு இல்லை. திங்கள் வாங்கியவர் செவ்வாய் காலையே விற்றுவிட்டாலும் அவருடைய உரிமை போகாது. பணம் சில வாரங்கள் கழித்து அவருடைய வங்கிக் கணக்குக்கே வரும்.

அதாவது திங்கள் மாலைக்கும் செவ்வாய் காலைக்கும் இடையில் விற்கப்படும் பொருளே வேறாகிவிடுகிறது. திங்களன்று விற்றது பங்கும் ஈவுத்தொகையும் சேர்ந்த ஒன்று. செவ்வாயன்று விற்பது வெறும் பங்கு. காய் முற்றிய நிலையில் மாந்தோப்பை வாங்குபவர் காய்க்கும் சேர்த்து விலை கொடுக்கிறார்; பறிப்பு முடிந்தபின் வாங்குபவர் அதைக் கழித்துத்தான் கேட்பார்.

10 கோடிப் பங்குகள் கொண்ட ஒரு நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். பங்கு விலை 500 ரூபாய். சந்தை மதிப்பு 5,000 கோடி. பங்குக்கு 10 ரூபாய் ஈவுத்தொகை என்றால் நிறுவனத்தை விட்டு 100 கோடி வெளியே போகப்போகிறது. அந்த 100 கோடியின்மேல் செவ்வாய் காலை வாங்குபவருக்கு எந்த உரிமையும் கிடையாது. மற்ற எதுவும் மாறவில்லை என்றால் அவர் வாங்குவது 4,900 கோடி மதிப்புள்ள நிறுவனத்தில் ஒரு பங்கு. அதன் விலை 490.

இந்த 10 ரூபாயை யாராவது உட்கார்ந்து கழிக்கிறார்களா என்று சிலர் கேட்பதுண்டு. பங்குகளைப் பொறுத்தவரை விலையைக் கழிப்பவர்கள் வாங்குவோரும் விற்போரும்தான். அமெரிக்கச் சந்தைகளில் ஒரு சிறு ஏற்பாடு உண்டு: முன்கூட்டியே போட்டு வைத்த வாங்கும் ஆணைகளின் விலை எக்ஸ் தேதி காலையில் ஈவுத்தொகை அளவுக்குத் தானாகவே குறைக்கப்படும். அது ஆணைகளைச் சரிக்கட்டுவது, அவ்வளவே. அன்றைய விலை எங்கே நிற்கும் என்பதைப் பேரம்தான் முடிவு செய்கிறது. பேரம் ஏன் அங்கே போய் நிற்கிறது என்பதற்கும் மர்மம் எதுவும் இல்லை. விலை குறையாது என்று எல்லோருக்கும் தெரிந்தால் எல்லோரும் திங்கள் மாலை வாங்கவும் செவ்வாய் காலை விற்கவும் ஓடுவார்கள். வாங்கும் கூட்டம் திங்கள் விலையை ஏற்றும், விற்கும் கூட்டம் செவ்வாய் விலையை இறக்கும். இலவசப் பணம் தீரும்வரை இது நடக்கும்.

மியூச்சுவல் ஃபண்டில் பேரமே கிடையாது. அங்கே கழித்தல் கணக்கு அப்பட்டமாகத் தெரியும். 2000 மார்ச்சில் சோழா ஃப்ரீடம் டெக்னாலஜி என்ற ஃபண்டின் யூனிட் மதிப்பு 17.23 ரூபாய். யூனிட்டுக்கு 4 ரூபாய் ஈவுத்தொகை கொடுத்தது. கொடுத்தபின் மதிப்பு 13.23. ஒரு பைசா கூட இடறவில்லை. (இந்த எண்கள் நினைவில் நிற்கக் காரணம் அதைத் தொடர்ந்து உச்ச நீதிமன்றம்வரை போன ஒரு வழக்கு, அதற்குப் பின்னால் வருகிறேன்.) ஃபண்டுகளின் ‘டிவிடெண்ட்’ திட்டங்களுக்கு அந்தப் பெயரே கூடாது என்று செபி 2021 ஏப்ரல் முதல் மாற்றிவிட்டது. இப்போது அதற்கு ‘வருமானப் பகிர்வும் முதலைத் திரும்ப எடுத்தலும்’ என்ற பொருள்படும் நீளமான பெயர். ஃபண்ட் கொடுப்பதில் முதலீட்டாளரின் சொந்த முதலும் கலந்திருக்கிறது என்பதை அந்தப் பெயர் மறைக்காமல் சொல்கிறது.

ஒரு லட்ச ரூபாயின் ஒரு இரவு

அதே 500 ரூபாய்ப் பங்கில் ஒரு லட்சம் போட்டு 200 பங்குகள் வாங்குகிறோம் என்று வைத்துக்கொள்வோம். மறுநாள் காலை விலை சரியாக 490. விற்றால் 98,000 ரூபாய். 2,000 ரூபாய் விலை நட்டம், 2,000 ரூபாய் ஈவுத்தொகை வரவு. இதுவரை சரிக்குச் சரி.

இனிமேல்தான் செலவு. டெலிவரி எடுத்து விற்றால் பங்குப் பரிவர்த்தனை வரி வாங்கும்போது 0.1 சதவீதம், விற்கும்போது 0.1 சதவீதம்: இங்கே 198 ரூபாய். வாங்கும்போது முத்திரைக் கட்டணம் 0.015 சதவீதம், 15 ரூபாய். சந்தைக் கட்டணம், ஜிஎஸ்டி, டீமேட் கணக்கிலிருந்து பங்கை எடுக்கும் கட்டணம் எல்லாம் சேர்த்து இன்னும் ஒரு இருபது, இருபத்தைந்து. புரோக்கர் கமிஷனே வாங்காதவர் என்று வைத்துக்கொண்டாலும் சுமார் 240 ரூபாய் போய்விடுகிறது.

பிறகு வருமான வரி. 2020 ஏப்ரலுக்கு முன் ஈவுத்தொகைக்கான வரியை நிறுவனமே கட்டிவிடும். சிறு முதலீட்டாளர் கையில் அது வரியில்லா வருமானம். இப்போது அது முழுக்க அவருடைய வருமானத்தோடு சேர்ந்து அவருடைய ஸ்லாபில் வரி கட்டுகிறது. 30 சதவீத ஸ்லாபில் இருப்பவருக்குச் செஸ்ஸும் சேர்த்து 2,000 ரூபாய்க்கு 624 ரூபாய் வரி. சரி, விலையில் 2,000 நட்டமாகியிருக்கிறதே, அதை இதில் கழித்துக்கொள்ளலாமா? முடியாது. ஈவுத்தொகை ‘பிற வருமானம்’. பங்கை விற்று வந்தது மூலதன நட்டம். மூலதன நட்டத்தை மூலதன ஆதாயத்தில் மட்டும்தான் கழிக்கலாம். இந்த ஆட்டத்துக்கு வரும் புதியவர்கள் கவனிக்கத் தவறும் இடம் இதுதான். கையில் உண்மையில் ஒரு ரூபாய் கூடச் சேரவில்லை. ஆனால் சட்டத்தின் கண்ணுக்கு ஒரு பக்கம் வருமானம், இன்னொரு பக்கம் நட்டம், நடுவில் ஒரு சுவர்.

அவருக்கு அதே ஆண்டில் வேறு பங்குகளில் குறுகிய கால ஆதாயம் இருந்தால் நட்டம் உபயோகப்படும். 2024 ஜூலை 23 முதல் அந்த ஆதாயத்துக்கு வரி 20 சதவீதம். செஸ்ஸோடு 416 ரூபாய் மிச்சமாகும். அப்போதும் 624 கட்டி 416 மிச்சப்படுத்தி, 240 செலவு செய்து, மொத்தத்தில் 448 ரூபாய் கைநட்டம். ஆதாயமே இல்லாதவருக்கு 864 ரூபாய் நட்டம். அவர் அந்த நட்டத்தை எட்டு ஆண்டுகள் முன்னெடுத்துச் செல்லலாம், என்றாவது உதவலாம்.

விலை முழு 10 ரூபாயும் இறங்கும் என்று எடுத்துக்கொண்டதால்தானே இப்படி என்று கேட்கலாம். எவ்வளவு இறங்கினால் தப்பிக்கலாம் என்று திருப்பிக் கணக்குப் போடுவோம். 30 சதவீத ஸ்லாபில் இருந்து, நட்டத்தைக் கழிக்க ஆதாயமும் உள்ளவருக்கு, விலை 7.17 ரூபாய்க்குக் குறைவாக இறங்கினால்தான் லாபம். கழிக்க ஆதாயம் இல்லாதவருக்கு அந்த எல்லை 5.68. வரியே கட்ட வேண்டாத வருமானத்தில் இருப்பவருக்கு 8.80. ஆக, விலை ஈவுத்தொகையில் 88 சதவீதத்துக்கும் குறைவாக இறங்கினால் வரியில்லாத ஒருவர் கொஞ்சம் பார்க்கலாம். வரி கட்டுபவருக்கு அது இன்னும் நிறையக் குறைவாக இறங்க வேண்டும்.

இங்கே நான் எடுத்துக்கொண்டது ஒரே தவணையில் 2 சதவீதம் தரும் தாராளமான நிறுவனம். பட்டியலில் உள்ள பல நிறுவனங்கள் ஒரு தவணைக்கு அரை சதவீதம்தான் தரும். அப்போது ஒரு லட்சத்துக்கு 500 ரூபாய். செலவு மட்டும் அதே 240. 30 சதவீத வரி போக 344, செலவு போக 104 ரூபாய். கழிக்க வேறு ஆதாயம் இல்லாதவருக்கு விலை ஈவுத்தொகையில் ஐந்தில் ஒரு பங்குக்குமேல் இறங்கினாலே கதை முடிந்தது.

‘விலை திரும்பி வருமே’

இதற்குப் பழகியவர்கள் சொல்லும் பதில் ஒன்று உண்டு. மறுநாளே விற்க வேண்டும் என்று யார் சொன்னது? நல்ல நிறுவனம்தானே, இரண்டு மூன்று வாரத்தில் விலை பழைய 500க்கு வந்துவிடும். வந்ததும் விற்றால் 10 ரூபாய் லாபம்தானே?

சில சமயம் வரும். ஆனால் 490இலிருந்து 500க்கு ஏறியதை ஈவுத்தொகையின் கணக்கில் எழுதுவது நியாயமில்லை. எக்ஸ் தேதி காலையில் 490க்கு வாங்கிய இன்னொருவரைப் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். அவருக்கு ஈவுத்தொகை இல்லை. விலை 500 ஆனதும் அவரும் விற்கிறார். அவருக்கும் பங்குக்கு 10 ரூபாய்தான் லாபம். முதலாமவருக்குக் கிடைத்த 10 ரூபாய்க்கு 30 சதவீத ஸ்லாபில் வரி. இரண்டாமவரின் 10 ரூபாய்க்குக் குறுகிய கால ஆதாய வரி 20 சதவீதம். ஈவுத்தொகையை விட்டுக்கொடுத்தவர்தான் மேலான நிலையில் இருக்கிறார். அந்தக் காத்திருப்பில் விலை ஏறினால் இருவருக்கும் ஏறும், இறங்கினால் இருவருக்கும் இறங்கும். முதலாமவர் செய்த வேட்டையால் கூடுதலாக வந்தது கூடுதல் வரி மட்டுமே. எந்த டிவிடெண்ட் வெற்றிக் கதையைக் கேட்டாலும் இந்த இரண்டாவது ஆளைக் கூட்டிவந்து பக்கத்தில் நிறுத்துவது நல்ல சோதனை.

இவ்வளவு எளிய கணக்கு ஏன் பலருக்குக் கண்ணில் படுவதில்லை? ஹார்ட்ஸ்மார்க், சாலமன் என்ற இரு ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட கட்டுரையில், முதலீட்டாளர்கள் விலையையும் ஈவுத்தொகையையும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரு பைகளாகவே நடத்துகிறார்கள் என்று காட்டினார்கள். நம்முடைய செயலிகளும் அதற்கு ஒத்தாசைதான். வாங்கிய விலைக்கும் இன்றைய விலைக்கும் உள்ள வித்தியாசம் திரையில் சிவப்பாகவோ பச்சையாகவோ தெரிகிறது. ஈவுத்தொகை எங்கோ வங்கிக் கணக்கில் தனியாக, சில வாரம் தள்ளி, ஒரு குறுஞ்செய்தியோடு வருகிறது. வந்த நேரத்தில் சிவப்பு மறந்திருக்கும்.

ஏன் முழுசாக இறங்குவதில்லை

கணக்கு இவ்வளவு கறாராக இருந்தும் ஆய்வாளர்கள் தரவைப் பார்த்தபோது விலை பெரும்பாலும் முழு ஈவுத்தொகை அளவுக்கு இறங்குவதில்லை என்று கண்டார்கள். வேட்டைக்காரர்களின் நம்பிக்கை முழுக்க இந்த இடைவெளியில்தான் இருக்கிறது. அதனால் இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

1970இல் எல்டன், க்ரூபர் இருவரும் நியூயார்க் பங்குச் சந்தையின் 1966–67 தரவை வைத்துப் பார்த்தார்கள். சராசரி வீழ்ச்சி ஈவுத்தொகையில் சுமார் 78 சதவீதம். அவர்கள் சொன்ன காரணம் வரி. அன்றைய அமெரிக்காவில் ஈவுத்தொகைக்கு வரி அதிகம், நீண்ட கால ஆதாயத்துக்குக் குறைவு. ஒரு டாலர் ஈவுத்தொகையின் வரிக்குப் பிந்தைய மதிப்பு ஒரு டாலர் விலை ஆதாயத்தின் மதிப்பைவிடக் குறைவு. ஆகவே சந்தை ஒரு டாலரைக் கழிக்காமல் 78 செண்டைக் கழிக்கிறது. நம்முடைய 30, 20 சதவீத விகிதங்களை அதே தர்க்கத்தில் போட்டால் 0.7ஐ 0.8ஆல் வகுத்து 87.5 சதவீதம் வரும். இந்த விளக்கப்படி மீதி இடைவெளி வெறும் வரி. அதிக வரி கட்டுபவருக்கு அதில் ஆதாயம் கிடையாது; அவருக்கான ஈட்டுத்தொகை அது.

1982இல் கலாய் வேறொரு கேள்வி கேட்டார். சந்தையில் வரி வித்தியாசம் பாதிக்காத தொழில்முறை வியாபாரிகள் இருக்கிறார்களே. வீழ்ச்சி 78 சதவீதம்தான் என்றால் மீதி 22ஐ அவர்கள் ஏன் விட்டுவைக்கிறார்கள்? அவர்கள் விடமாட்டார்கள், அவர்களுடைய செலவுக்குள் அடங்கும் இடைவெளி மட்டும்தான் மிஞ்சும் என்றார் அவர். அப்படியானால் அந்த இடைவெளியை வைத்து முதலீட்டாளர்களின் வரி விகிதத்தை ஊகிக்கவும் முடியாது. இந்த விவாதம் இன்னும் முழுசாக முடியவில்லை. என் பார்வையில் கலாய் பக்கம்தான் சாய்வு; காரணம் ஹாங்காங்.

ஹாங்காங்கில் ஈவுத்தொகைக்கும் வரி இல்லை, பங்கு ஆதாயத்துக்கும் வரி இல்லை. வரிதான் காரணம் என்றால் அங்கே விலை முழுசாக இறங்க வேண்டும். ஃபிராங்க், ஜெகந்நாதன் இருவரும் 1998இல் வெளியிட்ட ஆய்வில் சராசரி ஈவுத்தொகை 0.12 ஹாங்காங் டாலர், சராசரி வீழ்ச்சி 0.06 டாலர். பாதிதான்! வரியே இல்லாத ஊரில் பாதி இடைவெளி என்றால் அங்கே போய்க் குவித்துவிடலாமே என்று தோன்றும். ஆய்வாளர்கள் அந்தப் பாதியைத் தேடிப் போனபோது அது வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவில் கரைந்து கிடந்தது. ஈவுத்தொகையை வசூலிப்பது பலருக்குத் தொல்லை. அதனால் எக்ஸ் தேதிக்கு முன் அவர்கள் சந்தை வியாபாரிகளிடம் விற்கிறார்கள், பிறகு வாங்குகிறார்கள். முதல் நாள் பதிவாகும் கடைசி விலை வியாபாரி வாங்கும் கீழ் விலையாகவும், மறுநாள் பதிவாவது அவர் விற்கும் மேல் விலையாகவும் இருக்கிறது. இரண்டையும் கழித்தால் வீழ்ச்சி சிறிதாகத் தெரியும். வெளியிலிருந்து வேட்டைக்கு வருபவரோ முதல் நாள் மேல் விலையில் வாங்கி, மறுநாள் கீழ் விலையில் விற்க வேண்டியவர். தரவில் தெரிந்த ஆதாயம் அவருக்குக் கிடைக்காது, அந்த வியாபாரிக்குத்தான்.

நம் சந்தையின் பெரிய பங்குகளில் இந்த இடைவெளி சில காசுகள்தான். பெரிய ஈவுத்தொகை விகிதத்தால் கண்ணை இழுக்கும் சிறிய பங்குகளிலோ அது ஒன்று, ஒன்றரை சதவீதம்வரை போகும். பட்டியலில் மேலே நிற்கும் பெயர்களில் இறங்குபவர்கள் முதலில் ஆணைப் புத்தகத்தைத் திறந்து இரண்டு பக்க விலையையும் எவ்வளவு பங்குகள் நிற்கின்றன என்பதையும் பார்க்க வேண்டும்.

இரைச்சலுக்குள் ஒரு ரூபாய்

சராசரி ஒரு பக்கம்; குறிப்பிட்ட ஒரு நாளில் நடப்பது வேறு. 2004இல் மைக்ரோசாஃப்ட் பங்குக்கு 3 டாலர் சிறப்பு ஈவுத்தொகையும் 8 செண்ட் வழக்கமான ஈவுத்தொகையும் கொடுத்தது. எக்ஸ் தேதிக்கு முந்தைய வெள்ளியன்று பங்கு மூடிய விலை 29.97 டாலர்; எக்ஸ் தேதியான திங்களன்று 27.39. வீழ்ச்சி 2.58. கொடுத்தது 3.08. நடுவில் இருக்கும் 50 செண்ட் வரியா, அன்றைய சந்தையின் மனநிலையா, ஏதாவது செய்தியா? ஒரே ஒரு நாளை வைத்து யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. ஈவுத்தொகை பத்தில் ஒரு பங்கு அளவுக்குப் பெரிதாக இருந்த இடத்திலேயே இந்தக் கதி.

நம் 500 ரூபாய்ப் பங்குக்கு வருவோம். ஒரு சாதாரணப் பங்கு ஒரு நாளில் ஒன்றரை, இரண்டு சதவீதம் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ போவது சகஜம். அதாவது 8, 10 ரூபாய். ஈவுத்தொகையே 10 ரூபாய். வரியில்லாத ஒருவருக்குச் செலவு போகச் சராசரியில் ஒரு ரூபாய் மிஞ்சுகிறது என்றே வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு முறையும் கூடக்குறைய 8 ரூபாய் ஆடும் ஒன்றில் அந்த ஒரு ரூபாய் நிஜமா தற்செயலா என்று ஓரளவு உறுதியாகச் சொல்ல வேண்டுமானால், புள்ளியியல் கணக்குப்படி சுமார் 250 முறை செய்து பார்க்க வேண்டும். பத்துப் பன்னிரண்டு முறை செய்துவிட்டு ‘எனக்குக் கைவந்துவிட்டது’ என்பவர் ஏறுமுகச் சந்தையில் பங்கு வைத்திருந்தார் என்பதே பெரும்பாலும் அதன் பொருள். அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ஒவ்வொரு முறையும் அதே இரவில் நிஃப்டி எத்தனை சதவீதம் நகர்ந்தது என்று பக்கத்தில் எழுதி அதைக் கழித்துவிட்டுப் பார்க்க வேண்டும். கழித்தபின் பல பேருடைய கைவரிசை காணாமல் போகும்.

விலை ஆட்டத்தை ஃப்யூச்சர்ஸ் விற்றுக் கட்டிப்போட்டுவிட்டு ஈவுத்தொகையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்று கெட்டிக்காரர்கள் சிலர் சொல்வார்கள். ஃப்யூச்சர்ஸ் விலை வரப்போகும் ஈவுத்தொகையை ஏற்கெனவே கழித்துக்கொண்டுதான் நிற்கும். குறைந்த விலைக்கு விற்க வேண்டியிருப்பதால் அந்தப் பத்து ரூபாயை அங்கேயே கொடுத்தாகிவிட்டது. ஈவுத்தொகை சந்தை விலையில் 2 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் பங்குச் சந்தையே ஒப்பந்தங்களைச் சரிக்கட்டிவிடும். அந்தக் கதவும் சாத்தித்தான் இருக்கிறது.

உண்மையில் சம்பாதித்தவர்கள்

அப்படியானால் யாருமே இதில் சம்பாதித்ததில்லையா? நிறையப் பேர் சம்பாதித்திருக்கிறார்கள், பெரிய அளவில். அவர்களுடைய பணம் பெரும்பாலும் வந்தது வரித்துறையிலிருந்து.

சோழா ஃபண்ட் வழக்குக்கு வருவோம். வால்ஃபோர்ட் என்ற பங்குத் தரகு நிறுவனம் 2000 மார்ச்சில் 17.23க்கு யூனிட்டுகளை வாங்கி, 4 ரூபாய் ஈவுத்தொகையை எடுத்துக்கொண்டு, மூன்றே நாளில் 13.23க்குத் திருப்பிக் கொடுத்தது. பொருளாதாரக் கணக்கில் பூஜ்யம். வரிக் கணக்கில் அப்படி இல்லை. அன்றைய சட்டப்படி ஈவுத்தொகைக்கு வாங்கியவர் கையில் வரி இல்லை. 4 ரூபாய் நட்டமோ நட்டம்தான். அதை வேறு வருமானத்தில் கழித்து வரியைக் குறைக்கலாம். வேண்டுமென்றே வரவழைத்த நட்டம் நட்டமே அல்ல என்றது வருமான வரித்துறை. 2010 ஜூலையில் உச்ச நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பளித்தது: நடந்தது உண்மையான கொள்முதல், உண்மையான விற்பனை, சட்டம் இடம் கொடுத்ததைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். அந்த இடத்தை நாடாளுமன்றம் அதற்குள் அடைத்தும் விட்டிருந்தது. வருமான வரிச் சட்டத்தின் 94(7) பிரிவு வந்து, ரெக்கார்டு தேதிக்கு முந்தைய மூன்று மாதத்துக்குள் வாங்கி, பிந்தைய மூன்று மாதத்துக்குள் விற்றால், வரியில்லா ஈவுத்தொகை அளவுக்கு நட்டத்தைக் கணக்கில் எடுக்க மாட்டோம் என்றது. யூனிட்டுகளுக்குப் பிந்தைய கெடு பிறகு ஒன்பது மாதமாக நீட்டப்பட்டது.

மற்ற நாடுகளிலும் இதே கதைதான். 1980களில் ஜப்பானிய ஆயுள் காப்பீட்டு நிறுவனங்கள் அமெரிக்கப் பங்குகளை எக்ஸ் தேதிக்கு முன் மலைமலையாக வாங்கி உடனே விற்றன. அவர்களுடைய சட்டப்படி பாலிசிதாரர்களுக்குப் போனஸ் தருவது ஈவுத்தொகை போன்ற வருமானத்திலிருந்துதான். விலை ஆதாயத்திலிருந்து தர முடியாது. விலையில் நட்டப்பட்டாலும் ஈவுத்தொகை என்ற முத்திரையோடு பணம் வந்தால் போதும் என்ற நிலை அவர்களுக்கு. ஜெர்மனியில் வெளிநாட்டினர் தங்கள் பங்குகளை ஈவுத்தொகைப் பருவத்தில் உள்ளூர் வங்கிகளிடம் கைமாற்றி, பிடித்த வரியைத் திரும்பப் பெற்றுப் பங்கிட்டுக்கொண்டார்கள். 2016இல் வந்த சட்டம் தேதியைச் சுற்றியுள்ள 91 நாளில் 45 நாளாவது பங்கை அபாயத்தோடு வைத்திருந்தால்தான் அந்த வரியைத் திரும்பக் கேட்கலாம் என்றது. ஆஸ்திரேலியாவிலும் ஒரு 45 நாள் விதி உண்டு. அமெரிக்காவில் ஈவுத்தொகைக்குக் குறைந்த வரி விகிதம் வேண்டுமானால் 121 நாளில் 60 நாளுக்கு மேல் பங்கு கையில் இருக்க வேண்டும். ஒரு இரவு மட்டும் பங்கு வைத்திருப்பவரைத் தடுக்க இத்தனை அரசுகள் நாள் எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன. கசிந்தது அவர்களுடைய கஜானா என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

இந்தியாவில் 2020க்குப் பின் ஈவுத்தொகை வரிக்குரியதாகிவிட்டதால் பழைய வழியில் பிடுங்க எதுவும் இல்லை. வால்ஃபோர்ட் செய்ததை இன்று செய்தால் ஈவுத்தொகைக்கு முழு வரியும் விழும். கூர்ந்து பார்த்தால் ஆட்டம் திசை மாறியிருக்கிறது. உயர்ந்த ஸ்லாபில் இருக்கும் பங்குதாரருக்கு இப்போது ஈவுத்தொகையைத் தவிர்ப்பதில்தான் நியாயம்: எக்ஸ் தேதிக்கு முன் 500க்கு விற்று, மறுநாள் 490க்குத் திரும்ப வாங்குவது. 500 ரூபாய்க்கே வாங்கி வைத்திருந்த 200 பங்குகளில் இதைச் செய்தால் ஈவுத்தொகையில் கட்டியிருக்க வேண்டிய 624 ரூபாய் மிச்சம். செலவு 240. கொள்முதல் விலை 490க்கு இறங்கிவிட்டதால் பின்னால் ஒரு நாள் விற்கும்போது 2,000 ரூபாய் கூடுதல் ஆதாயம் வரும். ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து 12.5 சதவீத வரி கட்டினால் செஸ்ஸோடு 260 ரூபாய். கடைசியில் மிஞ்சுவது 124 ரூபாய். அதுவும் நீண்ட கால ஆதாயத்துக்கான ஓராண்டுக் கணக்கை மறுபடி முதல் நாளிலிருந்து தொடங்க வேண்டும், அந்த ஒரு இரவில் விலை ஏறாமலும் இருக்க வேண்டும்.

அவர் முதல் நாள் மாலை விற்கும் பங்கை எதிர்ப்பக்கத்தில் வாங்குவது யாராக இருக்கும்? ஈவுத்தொகைக்கும் ஆதாயத்துக்கும் வரியே கட்டாத மியூச்சுவல் ஃபண்ட் போன்றவர்களுக்குத்தான் அதில் நியாயம் இருக்கிறது. அவர்களுக்கும் பரிவர்த்தனை வரி உண்டு. 500 ரூபாய்ப் பங்கில் வாங்கி விற்க ஏறக்குறைய ஒரு ரூபாய். ஆகவே வீழ்ச்சி 9 ரூபாய்க்குக் கீழே போகும் என்று தெரிந்தால் அவர்கள் முதலில் அங்கே இருப்பார்கள். நம் வரியில்லாத சிறு முதலீட்டாளருக்கு எல்லை 8.80. அவருடைய முறை வருவதற்குமுன் இருபது காசு வித்தியாசத்தில் அவர்கள் அந்த இடைவெளியை அடைத்துவிட்டிருப்பார்கள்.